கர்ப்பமா இருக்கும்போது சீட் பெல்ட்: கார்ல இருக்கறதே போதுமா, தனியா விக்கற அட்ஜஸ்டர் வாங்கணுமா?

பெல்ட்டே போடாம போறதயும் ஒரு ஆப்ஷனா சிலர் சொல்வாங்க, அத விட்ருங்க, ஏர்பேக் கூட பெல்ட்டோட சேந்து வேலை செய்யத்தான் இருக்கு. போட்டி மத்த ரெண்டுக்குத்தான். நான் கார்லயே வர்ற பெல்ட்டோடதான் இருந்தேன், என் சாய்வு அந்தப் பக்கம்தான், இப்பவே சொல்லிடறேன்.

அட்ஜஸ்டர்ங்கறது சீட்டுல கட்டி, ரெண்டு தொடைக்கும் நடுவுல கொக்கி வச்சு மடி பெல்ட்ட கீழ இழுத்துப் பிடிக்கிற பட்டை. பெல்ட் மேல ஏறாது, வயித்துல உறுத்தாது, சௌகரியம்தான். ஆனா கொக்கி மாட்டினதும் பெல்ட் போற பாதை மாறி இடுப்பெலும்பு தாங்க வேண்டிய இழுவை தொடைக்குப் போகுது, கார் கம்பெனி மோதவிட்டு டெஸ்ட் பண்ணது அந்தப் பாதைய இல்ல. நான் அத கொஞ்சநேரம்தான் போட்டுப் பாத்தேன், மாசக்கணக்கா போட்டவங்க வேற சொல்லலாம்.

எனக்கு முடிவு பண்ண வச்சது ஒரே விஷயம், மடி பெல்ட் எங்க உக்காருதுங்கறது. வயித்துக்கு குறுக்க இருந்தா, மோதும்போது பெல்ட் கர்ப்பப்பைய நேரா அமுக்கும். கர்ப்பப்பை வளைஞ்சு கொடுக்கும், நஞ்சுக்கொடி அப்படி கொடுக்காது, அதனால அது பிச்சுக்கிட்டு வர வாய்ப்பிருக்கு. குழந்தைக்கு பெரிய ஆபத்தே அதுதான்.

எட்டாம் மாசத்துல நான் போட்ட விதம் இதான்: முதுகு சீட்டுல ஒட்டற மாதிரி உள்ள தள்ளி உக்காந்து, ஒரு கையால வயித்த லேசா தூக்கி, மடி பெல்ட்ட அடியில, தொடை தொடங்கற எடத்துல விட்டு பூட்டிட்டு, தோள் பெல்ட்ட மேல இழுப்பேன், மடியில இருக்கற தொய்வும் சேந்து போயிடும். தோள் பெல்ட் ரெண்டு மார்புக்கு நடுவுல வந்து வயித்தோட பக்கவாட்டுல எறங்கணும், கக்கத்துக்கு அடியிலயோ முதுகுக்குப் பின்னாடியோ போடவே கூடாது. விரல வச்சுப் பாத்தா பெல்ட்டுக்கு அடியில இடுப்பெலும்பு தட்டுப்படணும். கொஞ்சதூரம் போனதும் திரும்ப தொட்டுப் பாருங்க, சாஞ்சு உக்காந்தா பெல்ட் மெல்ல மேல ஏறிடும், அதனால சீட்ட நிமிர்த்தியே வைங்க.

ஓட்டறதா பக்கத்துல உக்கார்றதான்னா, கடைசி மாசங்கள்ல ரெண்டாவதுதான், முடிஞ்சா. ஓட்டியே ஆகணும்னா நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல 25 சென்டிமீட்டராவது விடுங்க, ஸ்டியரிங்க வயித்தப் பாக்காம நெஞ்சப் பாக்கற மாதிரி சாய்ச்சு வைங்க. குள்ளமா இருக்கறவங்களுக்கு சீட்ட பின்ன தள்ளினா பெடல் எட்டாது, அப்போ ஓட்டறத நிறுத்திடறதுதான் சரி. நீண்ட தூரம்னா ரெண்டு மணிநேரத்துக்கு ஒருதடவையாவது எறங்கி நடங்க, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறது கர்ப்பத்துல சுலபமா வரும்.

சின்ன இடியா இருந்தாலும், வலி இல்லாட்டியும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ரத்தம், வயிறு இறுகறது, தண்ணி கசியறது, குழந்தை அசைவு கொறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அப்பவே ஆஸ்பத்திரி போயிடணும்.