மைனஸை மறைத்து என்னிடம் 4 லட்சம் வாங்கினார்கள்

கை நடுங்கிக்கொண்டேதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

தொழில்களின் லாபத்தில் சின்னச் சின்னப் பங்காக விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் வேண்டாம். ஒரு தொழிலின் லாபத்தில் காலவரையறை இல்லாத ஒரு பங்கு, விலை 4 லட்சம். அடுத்த வருடம் கைக்கு 12,000 வரும், பிறகு வருடாவருடம் கூடிக்கொண்டே போகும் என்றார்கள். வெறும் 12,000-க்கு 4 லட்சமா என்று கேட்டேன். அவர்களுடைய ஆலோசகர் சிரித்துக்கொண்டே திரையைப் பகிர்ந்து ஒரு ஷீட்டைத் திறந்தார்.

"சார், எங்கள் பேச்சை நம்ப வேண்டாம். கணக்கை நம்புங்கள்" என்றார். நான் விழுந்தது அந்த வார்த்தையில்தான்.

ஷீட்டில் இருந்தது நிரந்தரமாக வளரும் வருமானத்துக்கான ஃபார்முலா, `C/(r−g)`. C என்பது அடுத்த வருட வருமானம். r தள்ளுபடி விகிதம், அதாவது இதே ரிஸ்க் உள்ள வேறு இடத்தில் போட்டால் கிடைக்கக்கூடிய வருமான விகிதம். g வளர்ச்சி விகிதம். r-க்கு 10%, g-க்கு 7% போட்டார். 12,000-ஐ 0.03-ஆல் வகுத்தால் சரியாக 4 லட்சம். "இது நாங்கள் அடக்கி வாசித்தது சார். போன மூன்று வருடம் இந்தத் தொழில் 12% வளர்ந்திருக்கிறது" என்றார்.

நான் g-க்கு 10% போட்டுப் பார்க்கச் சொன்னேன். செல்லில் `#DIV/0!` என்று வந்தது. "பாருங்கள், மதிப்பு எல்லையே இல்லாமல் போகிறது, கம்ப்யூட்டராலேயே காட்ட முடியவில்லை!" என்றார். அடுத்து 12% போட்டார். பச்சை நிறத்தில் 6,00,000. "ஆறு லட்சம் பெறும் பொருள் நாலு லட்சத்துக்கு."

அன்றிரவே 4 லட்சம் அனுப்பினேன். 10% வளர்ந்தால் எல்லையில்லாத மதிப்பு, அதைவிட வேகமாக 12% வளர்ந்தால் வெறும் 6 லட்சமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கேட்கவில்லை.

14 மாதம் கழித்து, வந்த பணம் சொன்னதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று அவர்கள் அனுப்பிய அதே ஷீட்டைப் போன வாரம் திறந்தேன். அந்தச் செல்லைச் சொடுக்கினால் உள்ளே இருந்தது இது:

```
=ABS(B1/(B2-B3))
```

ABS என்றால் மைனஸ் குறியைத் தூக்கிவிடும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். 12,000-ஐ −0.02-ஆல் வகுத்தால் −6,00,000. பச்சை நிறத்தில் எனக்குக் காட்டியது இதைத்தான். அப்புறம் ABS-ஐத் திரும்பப் போட்டுவிட்டு, சோதனைக்கு 15% போட்டேன், மதிப்பு 2,40,000-ஆகக் குறைந்தது. வளர்ச்சி கூடக் கூட மதிப்பு குறைகிறது என்றால் அங்கே ஃபார்முலா செத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

ஏன் சாகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். இந்த ஃபார்முலா ஒரு கூட்டல் தொடரின் சுருக்கம். முதல் வருட 12,000-ஐ இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 10,909. அதன்பின் ஒவ்வொரு வருடமும் தொகை (1+g) மடங்கு பெருகுகிறது, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது (1+r)-ஆல் வகுபடுகிறது. 7%-க்கும் 10%-க்கும் அந்த விகிதம் 1.07/1.10, ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் ஒவ்வொரு வருடப் பங்கும் முந்தையதைவிடச் சிறுத்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் தேய்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 4 லட்சத்தில் வந்து நிற்கிறது.

g-யும் 10% ஆனால் தேய்மானமே இல்லை. ஒவ்வொரு வருடமும் அதே 10,909. நூறு வருடத்துக்குக் கூட்டினால் சுமார் 10.9 லட்சம், இருநூறு வருடத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, எங்கேயும் நிற்காது. g 12% என்றால் இன்னும் மோசம், பங்குகள் பெருத்துக்கொண்டே போகின்றன. ஐம்பதாவது வருடத்தின் பங்கு சுமார் 26,400, நூறாவது வருடத்தின் பங்கு சுமார் 65,000. கூட்டலுக்கு முடிவே கிடையாது. ஃபார்முலாவை வருவிக்கும்போது "கடைசி உறுப்பு பூஜ்யமாகிவிடும்" என்று சொல்லி அதைத் தள்ளிவிடுகிறார்கள். r, g-யைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும்தான் அப்படித் தள்ள முடியும். அந்த நிபந்தனை உடைந்தபிறகு வரும் −6 லட்சம் எதனுடைய மதிப்பும் இல்லை. நஷ்டம் என்றும் அதற்கு அர்த்தம் இல்லை.

சரி, எல்லையில்லாத மதிப்பு என்று ஆலோசகர் சொன்னதாவது உண்மையா? அதுவும் இல்லை. 10%-ஓ அதற்கு மேலோ வளர்ச்சி என்றென்றும் நீடிக்கும் என்ற அனுமானமே பொய் என்பதைத்தான் அந்தப் பிழைச்செய்தி சொன்னது. 12% வளரும் ஒன்று நூறு வருடத்தில் சுமார் 83,500 மடங்காகும். 5% வளரும் ஒரு பொருளாதாரம் அதே காலத்தில் 131 மடங்கு. ஒரு தொழிலின் லாபம் மொத்தப் பொருளாதாரத்தையே விழுங்கிவிடுமா என்ன? வளரும் பங்குகளின் விலையில் இந்த முடிவிலிச் சிக்கல் இருக்கிறது என்று டேவிட் டூராண்ட் என்ற நிதியியல் ஆய்வாளர் 1957-லேயே எழுதியிருக்கிறார். எனக்குத்தான் இப்போது தெரிகிறது.

நியாயமாகப் போட்டால் என்ன வரும்? ஐந்து வருடம் 12% வளரட்டும், அதுவே தாராளம். பிறகு என்றென்றும் 3%. முதல் ஐந்து வருடத்தின் இன்றைய மதிப்பு சுமார் 56,600. ஆறாம் வருடம் வருவது சுமார் 19,450, அதை 0.07-ஆல் வகுத்து இன்றைக்குக் கொண்டுவந்தால் சுமார் 1,72,500. மொத்தம் 2.29 லட்சம். நான் கொடுத்தது 4 லட்சம்! அவர்கள் "அடக்கி வாசித்த" 7%-உம் என்றென்றும் என்றால் பேராசைதான். r-ஐ நெருங்க நெருங்க ஃபார்முலாவுக்குப் பித்துப் பிடிக்கிறது. 9% போட்டால் 12 லட்சம், 9.5% போட்டால் 24 லட்சம். அரை சதவீத ஊகத்தில் மதிப்பு இரட்டிப்பு.

போன் செய்தேன். "ஷீட் ஒரு விளக்கத்துக்கு மட்டும்தான் சார்." ABS எதற்கு என்றேன். "வாடிக்கையாளர்கள் மைனஸைப் பார்த்துக் குழம்பக்கூடாது என்று." மறுநாள் வேறொருவர், "நீண்ட காலப் பார்வை வேண்டும் சார்". அந்தப் பழைய ஆலோசகர் இப்போது வேறு பிரிவிலாம். புகார் எண் கொடுத்தார்கள், இரண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். விற்கப் பார்த்தால் வந்த ஒரே கேட்பு விலை 1,30,000. 4 லட்சத்துக்கு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. r, g இரண்டையும் எழுதி வாங்குங்கள். g-யை நீங்களே ஏற்றிப் பாருங்கள், மதிப்பு குறைந்தாலோ பிழை வந்தாலோ எழுந்து போய்விடுங்கள். செல்லுக்குள் ABS இருக்கிறதா பாருங்கள். மூன்று வருட வளர்ச்சியை "என்றென்றும்" என்ற இடத்தில் போட விடாதீர்கள். இன்னும் இருந்தது, மறந்துவிட்டது. மறுபடி அவர்களுக்குத்தான் போன் போட்டிருக்கிறேன், இருபது நிமிடமாக வெயிட்டிங் மியூசிக் ஓடுகிறது.