டியூப்பிளா, லிஸ்ட்டா: சில வருடப் பைத்தான் அனுபவம்

டியூப்பிள் லிஸ்ட்டைவிட வேகமானது, மெமரியும் குறைவாக எடுக்கும் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் என் வேலையில் பெரிதாகத் தெரிந்ததில்லை. எனக்குத் தினமும் கைகொடுப்பது வேறொன்று: டியூப்பிளை டிக்ஷனரியில் கீயாக வைக்கலாம், லிஸ்ட்டை வைக்க முடியாது.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு துணிக்கடை ஸ்டாக் புரோகிராமில் நிறமும் அளவும் சேர்ந்துதான் ஒரு சட்டையை அடையாளம் காட்டும்.

```python
stock = {}
stock[("நீலம்", 40)] = 12
stock[["நீலம்", 40]] = 12
# TypeError: unhashable type: 'list'
```

இது வீண் கெடுபிடி இல்லை. கீயில் இருக்கும் மதிப்புகளை வைத்து ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணைக் கொண்டுதான் டிக்ஷனரி இடம் ஒதுக்குகிறது. உள்ளே போன பிறகு யாராவது 40-ஐ 42 ஆக்கிவிட்டால் ஹாஷ் எண்ணும் மாறிவிடும். அப்புறம் தேடல் வேறு இடத்துக்குப் போகும், சரக்கு இருந்தும் இல்லை என்று பதில் வரும். உருவாக்கிய பிறகு டியூப்பிளை மாற்ற முடியாது. அப்படி நடக்கவே வழியில்லாமல் செய்வதுதான் இந்த மாறாத்தன்மை நமக்குத் தரும் லாபம்.

சிலர் `"நீலம்-40"` என்று ஒட்டி ஸ்ட்ரிங்காக வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. `"A-1"`, `"2"` என்ற ஜோடியும் `"A"`, `"1-2"` என்ற ஜோடியும் ஒட்டினால் ஒரே `"A-1-2"` ஆகிவிடும். டியூப்பிளில் இந்தக் குழப்பமே வராது. எண்ணும் எண்ணாகவே இருக்கும்.

ஆனால் டியூப்பிளின் காவல் மேல்தட்டோடு சரி. உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் அது தாராளமாக மாறும்.

```python
t = ("நீலம்", [38, 40])
t[1].append(42)   # நடக்கும்
t[1] += [44]      # TypeError
print(t)          # ('நீலம்', [38, 40, 42, 44])
```

இதைப் பைத்தான் ஷெல்லில் ஒவ்வொரு வரியாக ஓட்டி, கடைசி வரியைக் கவனியுங்கள். பிழை வந்தும் 44 சேர்ந்துவிட்டது! `+=` முதலில் அந்த லிஸ்ட்டையே நீட்டுகிறது. அதன் பிறகு முடிவை `t[1]`-இல் திரும்ப எழுதப் பார்க்கும்போதுதான் டியூப்பிள் தடுக்கிறது. `try` போட்டுப் பிழையை விழுங்கியிருந்தால் டேட்டா மாறியதே தெரியாது. இந்த மாதிரி டியூப்பிளைக் கீயாகவும் வைக்க முடியாது, அதே `unhashable` பிழைதான் வரும். சந்தேகம் இருந்தால் `hash(t)` என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இதனால் உள்ளே இருப்பதையும் `(38, 40)` என்று டியூப்பிளாகவே வைத்துவிடுகிறேன்.

வளர்ந்துகொண்டே போகும் பட்டியலுக்கு மட்டும் டியூப்பிளை இழுக்க வேண்டாம். அதில் ஒன்றைச் சேர்க்க ஒவ்வொரு முறையும் முழுதாகப் புது டியூப்பிள் உருவாக வேண்டும். அன்றைய பில்களை நான் லிஸ்ட்டில்தான் சேர்க்கிறேன், ஒவ்வொரு பில்லும் அதற்குள் ஒரு டியூப்பிள்.