முதிர்வுத் தொகையில் டிடிஎஸ், அப்புறம் நோட்டீஸ்: திருத்திய ரிட்டர்னா, நோட்டீஸுக்கு மறுமொழியா, அப்டேட்டட் ரிட்டர்னா?

ஆயுள் காப்பீட்டு பாலிசி முதிர்ந்து வரும் பணத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டால், அந்தப் பணத்துக்கு வரி உண்டு என்று பலர் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் வரி இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. நிறுவனம் தன் கணக்குப்படி பிடிக்கிறது. ஒரு நிதியாண்டில் கொடுக்கும் தொகை 1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால், வரி உள்ள பாலிசியாக இருந்தாலும் பிடிக்காது.

2024-25 நிதியாண்டில் எனக்கும் என் மைத்துனருக்கும் ஆளுக்கு ஒரு பாலிசி முதிர்ந்தது. இருவருக்கும் டிடிஎஸ் பிடித்தார்கள், இருவருக்கும் வருமான வரித் துறையிலிருந்து ஓலை வந்தது. நான் திருத்திய ரிட்டர்ன் போட்டேன். அவர், திருத்தும் கெடு தாண்டிய பின் போடும் அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டார். எனக்குத் திருத்திய ரிட்டர்ன் பக்கம்தான் சாய்வு. ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரே கேள்விதான் தீர்மானிக்கிறது: அந்தப் பணத்துக்கு விலக்கு உண்டா, இல்லையா?

விலக்கைத் தருவது பிரிவு 10(10D). பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் இது உண்டு. இறப்பின் பேரில் வரும் தொகைக்குச் சாதாரண பாலிசிகளில் எந்த வரம்பும் இல்லை. முதிர்வில் வருவதற்குத்தான் நிபந்தனை, அதுவும் பாலிசி வழங்கப்பட்ட தேதியைப் பொறுத்து மாறும். 1 ஏப்ரல் 2003-க்கு முன் வழங்கியதற்குப் பிரீமிய வரம்பு கிடையாது. அன்றிலிருந்து 31 மார்ச் 2012 வரை வழங்கியதற்கு, எந்த ஒரு வருடத்தின் பிரீமியமும் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1 ஏப்ரல் 2012 முதல் அது 10 சதவீதம். கடும் ஊனமோ குறிப்பிட்ட நோய்களோ உள்ளவரின் பேரில் 1 ஏப்ரல் 2013 முதல் எடுத்ததற்கு 15 சதவீதம். 2023 ஏப்ரல் முதல் எடுத்த பாலிசிகளுக்கு வருடப் பிரீமியம் 5 லட்சம், காப்பீட்டோடு முதலீடும் சேர்ந்த யூலிப்களில் 2021 பிப்ரவரி முதல் எடுத்தவற்றுக்கு 2.5 லட்சம் என்று இன்னொரு வரம்பும் உண்டு. பெரிய தொகை கட்டுபவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சதவீதக் கணக்கில் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பிரீமியத்தை ஒப்பிட வேண்டியது பாலிசி பாண்டில் உள்ள காப்பீட்டுத் தொகையோடு. போனஸ் சேர்ந்து கைக்கு வந்த முதிர்வுத் தொகையோடு ஒப்பிட்டால் தேறாத பல பாலிசியும் பாஸ் ஆகிவிடும்! அதே போல 2012 மார்ச், ஏப்ரல் வாக்கில் எடுத்த பாலிசி என்றால் பாண்டில் உள்ள தேதிகளை நிதானமாகப் படியுங்கள். முன்தேதியிட்டுத் தொடங்கிய பாலிசிகளில் தொடக்கத் தேதி ஒன்றும், வழங்கிய தேதி வேறொன்றுமாக இருக்கும். சட்டம் பேசுவது வழங்கிய தேதியை.

என்னுடைய பாலிசி 2011 நவம்பரில் வழங்கியது. காப்பீட்டுத் தொகை 3,00,000, வருடப் பிரீமியம் 36,000, பத்து வருடம் கட்டினேன். 2024 நவம்பரில் முதிர்வாக 5,40,000 ஆனது. பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 12 சதவீதம். 20 சதவீத விதிக்குள் வருவதால் முழுத் தொகைக்கும் விலக்கு. ஆனால் 10 சதவீத விதியை வைத்துப் பார்த்தால் இது தேறாது. அப்படித்தான் பார்த்திருப்பார்கள் போல. 5,40,000-இல் கட்டிய 3,60,000 போக மிச்சம் 1,80,000, அதில் 2 சதவீதம் என்று 3,600 ரூபாய் பிடித்துவிட்டார்கள். (1 அக்டோபர் 2024-க்கு முன் முதிர்ந்திருந்தால் 5 சதவீதம், அதாவது 9,000 போயிருக்கும். பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம்.)

மைத்துனருடையது ஒற்றைப் பிரீமிய பாலிசி. 2014-இல் ஒரே தவணையாக 2,00,000 கட்டினார், காப்பீட்டுத் தொகை 2,50,000. அந்த ஒரு வருடப் பிரீமியமே காப்பீட்டுத் தொகையில் 80 சதவீதம். பத்து சதவீத வரம்பின் பக்கமே போக முடியாது. 2024 டிசம்பரில் வந்த 3,70,000-இல் 1,70,000 இதர வருமானம், வழக்கமான அடுக்கு விகிதத்தில் வரி. பிடித்த 3,400 ரூபாயோடு கதை முடிந்தது என்று அவர் நினைத்திருந்தார். டிடிஎஸ் என்பது முன்பணம் மாதிரிதான், அவர் இருந்ததோ 20 சதவீத அடுக்கில்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். எனக்கு வந்தது 139(9), குறைபாடுள்ள ரிட்டர்ன் என்ற நோட்டீஸ். டிடிஎஸ் 3,600-ஐ ரீஃபண்டாகக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு உரிய வருமானம் ரிட்டர்னில் எங்கும் இல்லையே என்பதுதான் சாரம். முன்கூட்டியே நிரப்பி வரும் படிவத்தில் டிடிஎஸ் தானாக வந்து உட்கார்ந்துவிடும். விலக்குள்ள வருமானத்தை நாம்தான் எழுத வேண்டும். இந்த நோட்டீஸுக்கு 15 நாள் அவகாசம். பேசாமல் விட்டால் ரிட்டர்னே போடாத மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு வழி இருந்தது. ரிட்டர்ன் போடும் காலம் முடியாத வரை, நோட்டீஸ் வந்த பிறகும் 139(5)-இன் கீழ் திருத்திய ரிட்டர்ன் போடலாம். 2024-25 வருமானத்துக்கான 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்தக் கெடு 31 டிசம்பர் 2025. இல்லையென்றால் இ-ஃபைலிங் தளத்தில் இ-புரொசீடிங்ஸ் பகுதிக்குப் போய் நோட்டீஸுக்கே பதில் தரலாம். அங்கே `Agree` என்றால் திருத்திய படிவத்தை ஏற்ற வேண்டும், `Disagree` என்றால் காரணம் எழுத வேண்டும்.

எனக்குக் காலம் இருந்ததால் திருத்திய ரிட்டர்ன் போட்டேன், அந்த 15 நாளுக்குள்ளேயே. வேலை பெரிதல்ல. ITR-2 படிவத்தில் 139(5)-ஐத் தேர்ந்து, முதல் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் கொடுத்தேன். விலக்குள்ள வருமானத்துக்கான Schedule EI-இல் 10(10D)-ஐத் தேர்ந்து 5,40,000-ஐ எழுதினேன். விலக்கு என்பது லாபத்துக்கு மட்டுமல்ல, பெற்ற முழுத் தொகைக்கும் என்பதால் இதுதான் முறை. நம் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS-இல், 194DA என்ற பிரிவின் எதிரே காட்டியிருக்கும் தொகைக்கு இது குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிடிஎஸ் அட்டவணையில் அந்த வரியின் எதிரே, எந்தத் தலைப்பில் வருமானம் காட்டியிருக்கிறீர்கள் என்ற கட்டத்தில், விலக்குள்ள வருமானம் என்பதைத் தேர்ந்தேன். டிடிஎஸ்ஸையும் வருமானத்தையும் கோத்துவிடும் முடிச்சு இந்தக் கட்டம்தான். இதை விட்டுவிட்டு Schedule EI-ஐ மட்டும் நிரப்பினால் அதே கேள்வி திரும்பி வர வாய்ப்புண்டு. கடைசியாக 30 நாளுக்குள் இ-வெரிஃபை. நம் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள தகவல்களைக் காட்டும் AIS அறிக்கையில் அந்தப் பதிவுக்கு `Income is not taxable` என்றும் குறித்துவைத்தேன். இது ரிட்டர்னுக்கு மாற்று இல்லை, ஆனால் இரண்டும் ஒரே கதையைச் சொல்வது நல்லது.

ரிட்டர்னோடு எந்தக் காகிதத்தையும் இணைக்க முடியாது. பாலிசி பாண்டின் முதல் பக்கம், கட்டிய பிரீமியத்துக்கான சான்று, முதிர்வுக் கடிதம், டிடிஎஸ் சான்றான ஃபார்ம் 16ஏ, இந்த நான்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். நிறுவனத்திடம் போய் டிடிஎஸ்ஸைத் திருப்பிக் கேட்கலாமே என்று ஒருவர் கேட்டார். பணம் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ரிட்டர்ன் வழியாக ரீஃபண்டு கேட்பதுதான் சுருக்கமான வழி.

நோட்டீஸுக்கு `Agree` என்று பதில் தருவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். டிசம்பர் கெடு தாண்டிவிட்டால் அது ஒன்றுதான் வழி. ஆக, நோட்டீஸ் தாமதமாக வந்தவர்கள் பயப்பட வேண்டாம். `Disagree` வழியில் நான் போனதில்லை. விலக்குள்ள வருமானம்தானே, காட்டாவிட்டால் என்ன என்று வாதாடத் தோன்றும். ஆனால் அந்தப் பதில் ஏற்கப்படாவிட்டால் ரிட்டர்னே செல்லாமல் போகும். தாமதக் கட்டணம் வந்து சேரும், பங்கு நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் உரிமையும் கூடவே அடிபடும். 3,600 ரூபாய்க்காக அந்த வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மைத்துனருக்கு வந்தது நோட்டீஸ்கூட இல்லை. AIS-இல் உள்ள தொகைக்கும் உங்கள் ரிட்டர்னுக்கும் பொருந்தவில்லை என்ற செய்திதான். டிசம்பருக்குள் திருத்தியிருந்தால் வரியும் வட்டியும் மட்டும் கட்டியிருப்பார். 1,70,000-க்கு 20 சதவீதம் 34,000, செஸ் 1,360, ஆக 35,360. பிடித்த 3,400 போக 31,960. அவர் ஜனவரி தாண்டி அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டதால், இதற்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி. வட்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலே 7,990 ரூபாய் கூடுதல். அந்த 25 சதவீதம் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதம் வரைக்கும்தான். அப்புறம் 50, 60, 70 என்று ஏறி 48 மாதத்தோடு கதவு மூடும். ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் வந்துவிட்டால் அதற்கு முன்னாலேயே மூடிவிடும். இருந்தாலும், வரி உண்மையிலேயே உள்ளவருக்குக் கெடு தாண்டிய பின் இதுவே மரியாதையான வழி.

விலக்கு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அப்டேட்டட் ரிட்டர்னில் பணம் ஒரு திசையில்தான் போகும், நம்மிடமிருந்து அரசாங்கத்துக்கு. ரீஃபண்டு கேட்கவோ, கேட்டதைக் கூட்டவோ, வரியைக் குறைக்கவோ அதில் வழியில்லை. நோட்டீஸைப் பார்த்துப் பதறி, என் 1,80,000-ஐ இதர வருமானமாகக் காட்டி நான் அதைப் போட்டிருந்தால், 30 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு 56,160 ரூபாய், அதன் மேல் கூடுதல் வரி என்று கட்டியிருப்பேன். பாண்டைப் பிறகு எடுத்துப் பார்த்து, 2011 பாலிசி ஆயிற்றே என்று தெரிந்தாலும், இன்னொரு அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்க முடியாது. 154-இன் கீழ் திருத்தம் கேட்கும் வழியும் இதற்கு உதவாது. பதிவிலேயே கண்ணுக்குத் தெரியும் பிழைகளுக்குத்தான் அது, நாமே வரியுள்ள வருமானம் என்று எழுதிக் கொடுத்ததை மாற்ற அல்ல. அதனால்தான் முதலில் பாண்டு, பிறகு படிவம் என்கிறேன்.

1 ஏப்ரல் 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 2024-25-இல் வந்த பணத்துக்கு இங்கே சொன்ன பழைய எண்கள்தான்.

டிசம்பர் கெடுவையும் விட்டு, நோட்டீஸும் வராமல், விலக்குள்ள பணத்தின் டிடிஎஸ் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரி 119(2)(b)-இன் கீழ் விண்ணப்பிப்பது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடம் வரை கேட்கலாம், ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். 3,600 ரூபாய்க்கு நான் அந்தப் படியேற மாட்டேன். பான் எண் சேராததால் 20 சதவீதம் பிடிபட்டு 36,000 மாட்டியிருந்தால் ஏறுவேன்.