ஏர் பஸ்ஸர் கத்தினால் பெடலை மிதிமிதி என்று மிதிக்காதீர்கள்

பத்துச் சக்கர லோடு லாரியைப் பல வருஷமாக ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் இருப்பதிலேயே நான் முழுசாக நம்புவது ஏர் குறைந்தால் கத்தும் பஸ்ஸரைத்தான். பலருக்கு அது காலையில் வண்டி எடுக்கும்போது வரும் தொல்லை. வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் வண்டியில் டேங்க் நிறைந்தால் ஏர் மீட்டரின் இரண்டு முள்ளும் 8 பார் பக்கம் நிற்கும். ஒன்று முன் பிரேக்குக்கு, இன்னொன்று பின் பிரேக்குக்கு. இரண்டில் எது 5க்குக் கீழே இறங்கினாலும் பஸ்ஸர் கத்தும். இந்த அளவு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். கத்துகிற நேரத்தில் பிரேக் இருக்கும், ஆனால் இன்னும் சில மிதிக்குத்தான் காற்று மிச்சம். அந்தச் சில மிதியை வைத்து வண்டியை ஓரங்கட்டியாக வேண்டும்.

இங்கேதான் பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். ஆயில் பிரேக் வண்டியில் தொழில் கற்றவர்களுக்குப் பிரேக் இறங்கினால் விட்டுவிட்டு மிதிக்கத் தோன்றும். ஆயில் பிரேக்கில் அது சில நேரம் கைகொடுக்கும். ஏர் பிரேக்கில் ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் பூஸ்டரில் இருந்த காற்று வெளியே போய்விடும், அடுத்த மிதிக்கு டேங்க்கிலிருந்து புதுக் காற்று வேண்டும். பத்து முறை பம்ப் அடித்தால், இருந்த பிரேக்கையும் நீங்களே காலி செய்துவிடுவீர்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் ஒருமுறை வெங்காய லோடோடு வந்தபோது எனக்குக் கத்தியது. இறக்கம் அப்போதுதான் ஆரம்பம். முன் முள் 7ல் நின்றது, பின் முள் 5க்குக் கீழே. பெடலைத் தொட்டால் முள் சட்டென்று இறங்கியது, காலை எடுத்தால் மெல்ல ஏறியது. உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுக் கியரைக் குறைத்தேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிளட்ச் பூஸ்டருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கும் காற்றுதான் வேலை செய்கிறது. காற்று நன்றாக இறங்கிய பிறகு கிளட்ச் கல்லாகிவிடும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் கைவிட்டுவிடும். நியூட்ரல் பேச்சே வேண்டாம். ஹசார்டு லைட்டைப் போட்டு, இடது ஓரத்தில் அகலம் கிடைத்த இடத்தில், பெடலை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடி நிறுத்தினேன். பின் பிரேக் பலவீனமாக இருந்ததால் வழக்கத்தைவிட நீளமாக ஓடித்தான் நின்றது. நின்றதும் ஹேண்ட் பிரேக், அப்புறம் பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டை.

ஹேண்ட் பிரேக்கில் ஒரு விஷயம். அது ஸ்பிரிங் பலத்தில் பிடிப்பது. காற்று அதை விடுவித்து வைத்திருக்கிறது. அதன் காற்றும் இறங்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துவிடும். வளைவின் நடுவில், லோடோடு, பின் சக்கரம் திடீரென்று லாக் ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அது தானாகப் பிடிப்பதற்கு முன் நாமாக நிறுத்த வேண்டும். பெடல் முழுக்கச் செத்துப்போனால் மட்டும் ஓடும்போதே ஹேண்ட் பிரேக் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம், ஒரேயடியாக இல்லை.

நின்ற பிறகு இன்ஜினை அணைக்காமல் முள்ளைப் பார்த்தேன், இரண்டும் 8க்கு ஏறின. கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கிளீனர் தம்பியைப் பெடலை மிதிக்கச் சொன்னேன், வலது பின் சக்கரத்துப் பக்கம் புஸ் என்று சத்தம். போனில் மெக்கானிக் சொன்னார்: "மிதிச்சா மட்டும் ஏர் போகுதுன்னா டேங்கை விடுங்கண்ணே, பூஸ்டரையும் அதுக்குப் போற ஹோஸையும் பாருங்க." அதேதான். ஹோஸ் யூ போல்ட்டில் உரசி உரசிப் பிளந்திருந்தது. அதை மடித்துக் கட்டிவிட்டு இறக்கிவிடலாம் என்று வழியில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். சமதளத்தில் பத்தடி நகர்த்த அது சரி, கணவாயில் நான் செய்ய மாட்டேன். மெக்கானிக் புது ஹோஸோடு வந்த பிறகுதான் எடுத்தேன். காற்றே ஏறாமல் சக்கரம் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங் பூஸ்டரின் பின்பக்க போல்ட்டைச் சுற்றி விடுவிக்கலாம், ஆனால் சரிவில் கட்டை போடாமல் அதைத் தொட்டால் வண்டி ஆள் மேலேயே உருளும்.

குறையும் உண்டு. இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்து டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போனால் பஸ்ஸர் வாயே திறக்காது. முள் அப்போதும் 8லேயே நிற்கும்.

பஸ்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று நான் பார்க்கும் விதம் எளிது. சமதளத்தில் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் ஆனில் வைத்து, முள் இறங்கும்வரை பெடலை மிதிக்க வேண்டும். 4 வந்தும் கத்தவில்லை என்றால் சுவிட்சோ வயரோ போய்விட்டது, அதைச் சரிசெய்யாமல் லோடு ஏற்ற மாட்டேன்.