ஏற்காட்டில் ஏடிஎம் பின் மறந்த கதை

எங்கள் அக்காவுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. தை மாதம் என்றால் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு நாள் மேலே போய்த் தங்கிவிட்டு வருவது வழக்கம். இந்த முறை போனபோது அக்கா வீட்டுக்காரர் சேலத்தில் பல் வைத்தியத்தில் மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் பறிப்புக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். "என் கணக்கில் பணம் சும்மாதானே கிடக்கிறது, நான் எடுத்துத் தருகிறேன்" என்று பெரிய மனிதனாட்டம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஒண்டிக்கடை பக்கத்து ஏடிஎம்மில் கார்டைச் சொருகி நாலு இலக்கத்தை அடித்தேன். தப்பு. இன்னொரு முறை அடித்தேன், அதுவும் தப்பு. மூன்றாவது முறை அடித்தபோதுதான் உறைத்தது, நான் அடித்துக்கொண்டிருந்தது மஸ்கட் கார்டின் எண்! அதற்குள் `PIN tries exceeded` என்று திரையில் வந்துவிட்டது. சரி, நெட் பேங்கிங்கில் அக்கா கணக்குக்கு அனுப்பிவிடலாம் என்றால், அதன் பாஸ்வேர்டைக் கடைசியாகப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மறுநாள் நாலாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது. அடுத்தது ஞாயிறு.

இந்த மாதிரி நேரத்தில் கை தானாகப் போனைத் தேடும். நான் கொஞ்சம் விவரமானவன் என்ற நினைப்பில், விளம்பரமாக மேலே வந்த எண்களையெல்லாம் தள்ளிவிட்டு, மேப்பில் என் சேலம் கிளையையே தேடி எடுத்தேன். முகவரி சரி. வாசலில் வேப்ப மரம் நிற்கிற படம்கூடச் சரி. கீழே ஒரு போன் எண் இருந்தது. அடித்தேன்.

இதில்தான் ஏமாந்தேன். மேப்பில் உள்ள இடத்தின் விவரத்தை வங்கிதான் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. "எண் மாறிவிட்டது" என்று பொதுமக்களில் யாரும் திருத்தம் அனுப்பலாம், அது ஏறியும் விடலாம். முகவரியும் படமும் நிஜமாகவே இருக்க, எண்ணை மட்டும் மாற்றி வைக்கிற வேலை இது. விளம்பரத்தைச் சந்தேகப்படுகிறவன்கூட இதைச் சந்தேகப்பட மாட்டான். நானே சாட்சி.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" இல்லை, காத்திருக்கச் சொல்லும் இசை இல்லை. நேராக, "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்று ஒரு பையனின் குரல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வங்கிக் கிளையில் ஒரே மணியில் போன் எடுப்பார்கள் என்று நம்பினேன் பாருங்கள்! அதுவும் பத்து இலக்க செல்போன் எண்.

அவன் கேட்டது எதுவும் அசட்டுத்தனமாக இல்லை. பின் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. "முதல்ல பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணிடலாம் சார்" என்று ஆரம்பித்து நெட் பேங்கிங் யூசர் ஐடி, கணக்கு எண், பிறந்த தேதி மூன்றையும் கேட்டான். சொன்னேன். "இப்ப ஒரு ஓடிபி வரும் சார், அதைச் சொன்னா போதும்" என்றான்.

ஓடிபி வரவில்லை.

"வந்துச்சுங்களா சார்?" என்று மூன்று தரம் கேட்டான். வராததற்குக் காரணம் அன்று மத்தியானம் சேலம் ஐந்து ரோட்டில் நடந்த ஒரு சங்கதி. என் பழைய இந்திய சிம் உடைந்துபோயிருந்ததால், ஆதாரைக் காட்டி அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருந்தேன். சிம்மை மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. பேச மட்டும் முடியும். வேறொருவன் நம் பெயரில் சிம் வாங்கி ஓடிபியைப் பிடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கடைப்பையன் இதைச் சொன்னபோது முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்த 24 மணி நேரம்தான் அன்றைக்கு என் பணத்தைக் காவல் காத்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஓடிபி வந்திருந்தால் அது போலி இல்லை, என் வங்கியே அனுப்பிய அசல் ஓடிபியாக இருந்திருக்கும். செய்தியிலும் பாஸ்வேர்டை மாற்றுவதற்கானது என்றுதான் எழுதியிருக்கும். நான் கேட்டதும் அதுதானே, ஏன் சந்தேகம் வரப்போகிறது? வங்கியின் நிஜத் தளத்தில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா" என்ற பக்கம் இருக்கிறது. நான் உட்கார்ந்து நிரப்ப வேண்டிய அந்தப் பக்கத்தை, அவன் எங்கோ உட்கார்ந்து என் பெயரில் நிரப்பிக்கொண்டிருந்தான். நான் சொல்லும் ஆறு இலக்கம் அங்கே போனதும் புதுப் பாஸ்வேர்டுக்கு மிச்சமிருப்பது கார்டு எண்ணும் பின்னும்தான், அடுத்து அதையும் கேட்டிருப்பான்.

எஸ்எம்எஸ் வராது என்று தெரிந்ததும் ஆள் வழியை மாற்றினான். வாட்ஸ்அப் எண் கேட்டான், மஸ்கட் எண்ணைக் கொடுத்தேன். வங்கி முத்திரையை முகப்புப் படமாக வைத்த ஒரு கணக்கிலிருந்து ஒரு கோப்பு வந்தது. பெயரின் கடைசியில் `.apk` என்று இருந்தது. "இன்ஸ்டால் பண்ணி, எல்லாத்துக்கும் அலோ குடுங்க சார்" என்றான்.

அடுப்படியிலிருந்து வந்த அக்கா மகள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "மாமா, கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பரா இது?" என்று மட்டும் கேட்டாள். கார்டைத் திருப்பினேன். அங்கே 1800 என்று தொடங்கும் எண் இருந்தது. போனை வைத்துவிட்டேன். அவன் திரும்பத் திரும்ப நாலு முறை கூப்பிட்டான்.

அந்தக் கோப்பைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள்தான் சொன்னாள். அந்த மாதிரி ஆப் கேட்கிற முதல் அனுமதியே எஸ்எம்எஸ் படிப்பது. கொடுத்துவிட்டால், மறுநாள் எஸ்எம்எஸ் திறந்ததும் ஓடிபி அவனுக்கே போய்விடும், என் வாயால் சொல்லத் தேவையே இல்லை.

கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அடித்தேன். மொழி கேட்டது, எதற்கெதற்கோ எண் அழுத்தச் சொன்னது, பதினொரு நிமிடம் காக்க வைத்தது. இந்த எரிச்சல்தான் அசலின் அடையாளம்போல. எடுத்த பெண் பதிவு விவரங்களைச் சரிபார்த்தார், ஓடிபி கேட்கவில்லை. உண்மையான உதவி மையத்திலும் சில வேலைக்கு இயந்திரக் குரல் விவரங்களைப் பொத்தானில் அழுத்தச் சொல்லும். ஆனால் எதிரே இருக்கும் மனிதர் ஓடிபியையோ பின்னையோ வாயால் சொல்லச் சொன்னால் அங்கேயே வைத்துவிடலாம்.

யூசர் ஐடியும் பிறந்த தேதியும் வெளியே போய்விட்டதைச் சொன்னேன். ஓடிபி போகாததால் கணக்கு திறக்காது என்றார். இருந்தாலும் நெட் பேங்கிங்கை அவர் பக்கத்திலிருந்து பூட்டிவிட்டார். ஓடிபியைச் சொல்லிவிட்டவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் வருட விதிப்படி, ரகசிய விவரத்தை நாமே கொடுத்து நேர்ந்த நஷ்டம், வங்கிக்குத் தெரிவிக்கிற நேரம் வரை நம் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930, சைபர் குற்றப் பிரிவுக்கு.

கார்டைப் பற்றி அவர் சொன்னது நிம்மதியாக இருந்தது. தப்பாக அடித்த கணக்கு ஒரு நாள் போனால் தானே அழிந்துவிடுமாம். பின் நினைவில் இருந்தால் மறுநாள் சும்மா அடித்தாலே பணம் வரும். எனக்கு நினைவில்லை, அதனால் புதுப் பின் போட வேண்டும். அதற்குக் கிளை தேவையில்லை, எங்கள் வங்கியின் ஏடிஎம் ஒன்று போதும் என்றார். பின்னை முதலில், பாஸ்வேர்டை அப்புறம் செய்யச் சொன்னார். காரணம், எங்கள் வங்கியில் வீட்டிலிருந்தே பாஸ்வேர்டை மாற்ற ஓடிபியோடு கார்டு எண்ணும் பின்னும் கேட்கும். முடங்கிய பின்னை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டுக்கு முட்டினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வரவேண்டும்.

சனிக்கிழமை காலை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டிக்கு வந்தேன். தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே எஸ்எம்எஸ் திறப்பதற்காகக் காத்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்குச் சிம் நிறுவனத்தின் வரவேற்புச் செய்தி வந்தது. ஏடிஎம்மில் கார்டைப் போட்டு `PIN Generation` என்பதைத் தேர்ந்தெடுத்து, கணக்கு எண்ணும் பதிவான போன் எண்ணும் கொடுத்தேன். ஓடிபி வந்தது. மறுபடி கார்டைப் போட்டு, அந்த ஓடிபியை அடித்து, புதுப் பின்னை இரண்டு முறை கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. கூலிப் பணம் கைக்கு வந்துவிட்டது.

பாஸ்வேர்டை இரவு மேலே வந்துதான் மாற்றினேன். இந்த முறை தேடவில்லை, முகவரியை நானே அடித்தேன். ரிசர்வ் வங்கி சொன்னபடி, 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் எல்லாம் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. வங்கியாக இல்லாதவர் அந்த முடிவை வாங்க முடியாது. முகவரியில் `https://` போக அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு நேர் முன்னால் `.bank.in` நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்குப் பின்னால் இன்னொரு `.com` ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு யாருடைய வீடோ. உள்ளே போனதும் யூசர் ஐடியையும் மாற்றிவிட்டேன். அப்புறம் மின்னஞ்சலைத் திறந்தால், வெள்ளி மாலை 6:41 முதல் 6:48க்குள் என் பாஸ்வேர்டை மாற்ற மூன்று முறை முயற்சி நடந்ததாக வங்கியின் எச்சரிக்கை கிடந்தது. அவன் "வந்துச்சுங்களா" என்று கேட்ட மூன்று தரம்.

அந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சக்ஷு பகுதியில் புகார் செய்தேன். மேப்பிலும் எண் தவறு என்று தெரிவித்தேன். மஸ்கட் திரும்பியதும் முதல் வேலையாகக் கார்டில் இருந்த 1800 எண்ணை அங்கிருந்து அடித்துப் பார்த்தேன், போகவில்லை. இலவச எண்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே +91 என்று இன்னொரு எண் பொடி எழுத்தில் இருந்தது, அது போயிற்று. அதைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அப்படியே மேப்பையும் ஒரு முறை திறந்து பார்த்தேன். நான் புகார் செய்த எண்ணைக் காணவில்லை. வேப்ப மரப் படத்துக்குக் கீழே வேறொரு பத்து இலக்க எண் இருந்தது.