முறுக்கு டெலிவரியும் முப்பது வினாடியும்: எஸ்க்யூஎஸ் கியூவோடு மூன்று வருடம்

போன வாரம் தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பு எங்கள் குழுவில் வேலை பார்த்த பெண்ணைப் பார்த்தேன். இப்போது கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்கிற சிறிய குழுவில் இருக்கிறார். "அண்ணா, நாங்களும் கியூ போடலாம்னு இருக்கோம். நீங்க மூணு வருஷமா வச்சிருக்கீங்களே, போடலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். அன்றைக்கு ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. கேள்வி மனதிலேயே நின்றதால் எழுதுகிறேன்.

நாங்கள் ஊபியில் இருக்கிற சின்ன டெலிவரி நிறுவனம். கடைகளின் ஆர்டர் எங்கள் இணையதளத்துக்கு வரும். அதை உடனே அமேசானின் எஸ்க்யூஎஸ் கியூவில், அதாவது வேலைகள் வரிசையாகக் காத்திருக்கிற இடத்தில், போட்டுவிட்டு வாடிக்கையாளருக்கு "ஆர்டர் கிடைத்தது" என்று சொல்லிவிடுவோம். பின்னால் ஒர்க்கர் என்று நாங்கள் சொல்கிற மூன்று நிரல்கள் கியூவிலிருந்து எடுத்து, வெளியே ஒரு சேவையிடம் லேபிள் வாங்கி, குறுஞ்செய்தி அனுப்பும். அவ்வளவுதான் அமைப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. கியூ வருவதற்கு முன் லேபிள் சேவை தடுமாறினால் எங்கள் இணையதளமும் கூடவே நின்றுவிடும். இப்போது அப்படி இல்லை. ஒருமுறை இரவில் மூன்று ஒர்க்கரும் ஒரு மணி நேரம் நின்றுபோயின. ஆர்டர்கள் கியூவில் பேசாமல் காத்திருந்தன. ஒர்க்கர்கள் எழுந்ததும் ஒன்று விடாமல் எடுத்து முடித்தன. வாடிக்கையாளர் யாருக்கும் தெரியவே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஆர்டர் குவிகிற நேரத்தில், பயமில்லாமல் புது கோடை ஏற்ற முடிகிறது. இந்த நிம்மதிக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் நன்றி சொல்வேன்.

சரி, இப்போது என்னை மூன்று வருடமாக உறுத்துகிற விஷயம். விசிபிலிட்டி டைம்அவுட்.

ஒர்க்கர் ஒரு மெசேஜை, அதாவது கியூவில் இருக்கிற ஓர் ஆர்டரை, எடுத்ததும் அது கியூவிலிருந்து அழிவதில்லை. கொஞ்ச நேரம் மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்திருக்கும், அவ்வளவுதான். ஒர்க்கர் வேலையை முடித்து அதை அழித்துவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் அழிக்காவிட்டால், எடுத்தவர் செத்துவிட்டார் என்று கியூ வைத்துக்கொண்டு மறுபடி வெளியே காட்டும். இந்த நேரம், நாம் எதுவும் மாற்றாவிட்டால், 30 வினாடி. எடுத்தவர் செத்தாரா, இல்லை மெதுவாக வேலை செய்கிறாரா என்று கியூவுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த 30 வினாடி நாம் செய்கிற ஊகம். நாங்கள் அந்த ஊகத்தைச் செய்யவே இல்லை, வந்தபடியே விட்டுவிட்டோம்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமையிலிருந்தே முறுக்கு, அதிரசம், லட்டு என்று பலகாரக் கடைகளின் ஆர்டர்கள் குவிய ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈசூனிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். "தம்பி, நான் ஒரு டின் முறுக்குதான் சொன்னேன். ரெண்டு மெசேஜ் வந்திருக்கு. ரெண்டு தடவ காசு எடுத்துட்டீங்களா?" அவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒன்றை ரத்து செய்தேன். பட்டனை இருமுறை அழுத்தியிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்புறம் அதே மாதிரி அழைப்புகள் தொடர்ந்து வந்தன.

நடந்தது இதுதான். எங்கள் ஒர்க்கர் ஒரே தடவையில் பத்து மெசேஜ் எடுக்கும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். சாதாரண நாளில் ஒரு லேபிளுக்கு 2 வினாடி. பத்துக்கும் 20 வினாடி, 30-க்குள் அடங்கிவிடும். அந்த வாரம் லேபிள் சேவை மெதுவாகி, ஒன்றுக்கு 5 வினாடி ஆனது. கடிகாரமோ பத்து மெசேஜுக்கும் எடுத்த கணத்திலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் தொடும்போது தனித்தனியாக ஆரம்பிப்பதில்லை. ஆறாவது மெசேஜ் முடியும்போதே 30 வினாடி தீர்ந்துவிட்டது. ஏழாவதை எங்கள் ஒர்க்கர் கையில் எடுக்கிற நேரத்தில் அது கியூவில் எல்லோர் கண்ணுக்கும் மீண்டும் தெரிகிறது. இரண்டாவது ஒர்க்கர் அதையும் எடுத்துக்கொள்கிறது. ஒரே முறுக்கு டின்னுக்கு இரண்டு லேபிள், இரண்டு குறுஞ்செய்தி.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. மெசேஜை எடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரசீது, அதாவது `ReceiptHandle`, கிடைக்கும். அழிக்கும்போது கடைசியாக வந்த ரசீதைத்தான் கொடுக்க வேண்டும். முதல் ஒர்க்கர் ஏழாவதை முடித்து, தன்னிடமிருந்த பழைய ரசீதைக் கொடுத்து அழிக்கச் சொல்கிறது. கியூ வெற்றி என்று பதில் சொல்கிறது. மெசேஜ் அழியவில்லை! ஆவணத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்காதது எங்கள் தவறு. ஆனாலும் எங்கள் லாகில் ஒரு எரர்கூட இல்லாமல், எல்லாம் பச்சையாக இருந்த அந்த மூன்று நாளை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது ஒர்க்கரின் பத்திலும் அந்த மெசேஜ் கடைசியில் மாட்டினால் மறுபடி அதே கதை. நாங்கள் `maxReceiveCount` மூன்று என்று வைத்திருந்தோம். மூன்று முறை எடுத்தும் அழிக்கப்படாத மெசேஜ் டெட் லெட்டர் கியூவுக்குப் போய்விடும். எத்தனை முயன்றும் முடியாத ஆர்டர்களை ஒதுக்கி வைக்கிற இடம் அது. உதாரணமாக, ஆறிலக்க அஞ்சல் குறியீட்டைத் தவறாக அடித்திருந்தால் லேபிள் சேவை எத்தனை தடவை கேட்டாலும் மறுக்கும். அந்த ஆர்டர் அங்கே போவதுதான் சரி. ஆனால் அந்த வாரம் நல்லபடியாக முடிந்த ஆர்டர்களும் அங்கே போய்க் குவிந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அதைத் திறந்து பார்த்தோம். 214 மெசேஜ். அலாரம் அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். டெட் லெட்டர் கியூவின் `NumberOfMessagesSent` மேல் அலாரம் வைத்திருந்தோம். கியூ தானாக நகர்த்துகிற மெசேஜுகளை அந்த எண் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கியூவில் இப்போது எத்தனை கிடக்கிறது என்று சொல்கிற `ApproximateNumberOfMessagesVisible` மேல் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பட்டனில் பழைய கியூவுக்குத் திருப்பி அனுப்ப வசதி இருக்கிறது. அனுப்பியிருந்தால் தீபாவளி முடிந்த மறுநாள் இருநூறு பேருக்கு இன்னொரு குறுஞ்செய்தி போயிருக்கும். எது பொய், எது மெய் என்று ஒவ்வொன்றாக ஆர்டர் எண்ணை வைத்துச் சரிபார்த்தோம். ஆறு ஆர்டர்களுக்கு லேபிளே இல்லை. அது மட்டுமில்லை, அந்த கியூவின் சேமிப்புக் காலத்தையும் நாங்கள் தொடவில்லை, அது 4 நாள். வியாழன் மத்தியானம் விழுந்தவை திங்கள் மத்தியானமே மறைந்துவிட்டன. ஆர்டர் அட்டவணையையும் லேபிள் அட்டவணையையும் ஒப்பிட்டபோதுதான் இன்னும் ஐந்து அகப்பட்டன. பதினொரு வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் போய்ச் சேரவில்லை. அந்தப் பதினொரு அழைப்பையும் நானே செய்தேன்.

டைம்அவுட்டைப் பத்து நிமிடமாக்கிவிட்டால் போதாதா என்று தோன்றும். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். அப்போது வேறு பக்கம் வலித்தது. வேலை நடுவில் ஒர்க்கர் உண்மையாகவே செத்தால், அதன் கையிலிருந்த ஆர்டர்கள் பத்து நிமிடம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். மறுமுயற்சிக்கான இடைவெளியும் இதே எண்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது இப்படி வைத்திருக்கிறோம். ஒர்க்கர் ஒரு தடவைக்கு ஒரே மெசேஜ்தான் எடுக்கும். டைம்அவுட் 60 வினாடி. வேலை நீண்டால் ஒவ்வொரு 20 வினாடிக்கும் ஒர்க்கர் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று கியூவிடம் சொல்லும்:

```python
sqs.change_message_visibility(
    QueueUrl=url,
    ReceiptHandle=rh,
    VisibilityTimeout=60)
```

இந்த 60 மிச்சமிருக்கும் நேரத்தோடு கூட்டப்படுவதில்லை, சொன்ன கணத்திலிருந்து புதிதாக எண்ணப்படும். இப்படி நீட்டிக்கொண்டே போனாலும், எடுத்த நேரத்திலிருந்து மொத்தம் 12 மணி நேரம்தான் எல்லை. ஒர்க்கர் செத்தால் அதிகபட்சம் ஒரு நிமிடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார்.

இவ்வளவு செய்தாலும் நாங்கள் வைத்திருக்கிற ஸ்டாண்டர்ட் வகைக் கியூ ஒரு மெசேஜை எப்போதாவது இருமுறை கொடுக்கலாம். குறைந்தது ஒருமுறை என்பதுதான் அதன் வாக்குறுதி. அதனால் லேபிள் கேட்பதற்கு முன் ஆர்டர் எண்ணை ஓர் அட்டவணையில் பதிகிறோம். அதே எண் முடிந்ததாக ஏற்கெனவே இருந்தால் லேபிள் கேட்காமல் மெசேஜை அழித்துவிடுகிறோம். டெட் லெட்டர் கியூவின் சேமிப்புக் காலம் இப்போது 14 நாள். ஸ்டாண்டர்ட் கியூவில் அந்த நாள்கணக்கு மெசேஜ் முதன்முதலில் கியூவில் விழுந்த நேரத்திலிருந்தே ஓடுகிறது, இங்கே நகர்ந்த நேரத்திலிருந்து இல்லை. இரண்டு கியூவுக்கும் ஒரே காலம் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. மெசேஜ் எடுக்கும்போது, அது எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று சொல்கிற `ApproximateReceiveCount`-ஐயும் கேட்டு வாங்கி லாகில் எழுதுங்கள். கேட்காவிட்டால் அது வராது. அந்த எண் 2, 3 என்று ஏறியிருந்து, அதே ஆர்டருக்கு முந்தைய முயற்சியில் எரரும் இல்லை, ஒர்க்கர் விழுந்ததாகவும் தெரியவில்லை என்றால், மெசேஜில் கோளாறு தேடாதீர்கள். டைம்அவுட் போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நாங்கள் இதை விடப்போவதில்லை. விட்டால் அந்தப் பழைய நாட்களுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேற்று நான் அனுப்பிய பதில் "வேண்டாம்மா" என்பதுதான். அவர்களுக்கு ஒரு நாளைக்கு இருநூறு அப்பாயின்ட்மென்ட்கூட வருவதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இருக்கிறது. ஒரு அட்டவணையும், ஒரு ஒர்க்கர் பூட்டி வைத்த வேலையை மற்றவை தாண்டிப் போகச் செய்கிற `FOR UPDATE SKIP LOCKED` வரியும் போதும். ஒர்க்கர் செத்து இணைப்பு அறுந்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும், எந்த வினாடியையும் ஊகிக்க வேண்டியதில்லை. "மூணு வருஷம் வச்சிருந்துட்டு இப்படிச் சொல்றீங்களே அண்ணா" என்று திருப்பி எழுதினார். அந்தப் பதினொரு அழைப்பை அவர் செய்ய வேண்டி வரக்கூடாது என்று எழுதினேன்.