எட்டு மாத நெகட்டிவ் பிராம்ப்ட்: விரலுக்கு உதவுகிறது, எழுத்துக்கு இல்லை

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு காணொளி செய்யும்போது, காட்சியில் வேண்டாதவற்றை எழுதும் பெட்டிதான் நெகட்டிவ் பிராம்ப்ட். "கோணல் விரல் வராமலிருக்க நெகட்டிவ் பிராம்ப்ட்டில் என்ன எழுதுகிறீர்கள்?" என்று நண்பர் நேற்றுக் கேட்டார். "CFG எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன்.

நாம் எழுதியதை எவ்வளவு அழுத்தமாகப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் அந்த எண்தான் என் ஒரு மாத உழைப்பைத் தின்றது. காணொளியைப் படிப்படியாக உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை கணக்கிடுகிறது: நாம் கேட்டதை வைத்து ஒரு முறை, வேண்டாததை வைத்து ஒரு முறை. அந்த இரண்டின் வித்தியாசத்தை CFG பெருக்குவதால்தான் காட்சி வேண்டாததிலிருந்து விலகுகிறது. CFG 1 ஆக இருந்தால் நெகட்டிவ் பிராம்ப்ட் கணக்கிலேயே வராது. வேகத்துக்காக நான் மாதிரியோடு இணைத்த, நான்கே படிகளில் முடிக்கும் லோரா என்ற துணைக் கோப்போ CFG 1-இல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெட்டி திறந்தே கிடந்தது, எழுதியதையெல்லாம் வாங்கிக்கொண்டது, ஓர் எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. இதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சந்தேகம் வந்த அன்று, காட்சியின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல், பட்டியலை அழித்துவிட்டு `red` என்று மட்டும் போட்டேன். கொஞ்சமும் மாறாமல் அதே காணொளி வந்தது.

லோராவைக் கழற்றி, படிகளை 30 ஆகவும் CFG-ஐ 5 ஆகவும் வைத்தேன். ஒரு முதியவர் புத்தகத்தைப் புரட்டும் ஐந்து விநாடிக் காட்சி அது. பட்டியலில் `hands` என்று எழுதியதும் அவருடைய கைகளே மேசைக்கடியில் போய்விட்டன. `no extra fingers` என்பதும் தவறு. விலக்க வேண்டியதை விலக்கும் பெட்டியில் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு வேலையில்லை. பிழையின் பெயரை மட்டும் எழுத வேண்டும். இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:

```
extra fingers, fused fingers, third arm, subtitles, watermark
```

விரல்கள் நன்றாகத் தெளிந்தன. மூன்றாவது கை குறைந்தது, ஒழியவில்லை. தாள் முன்கையை மறைத்து விலகும் கணத்தில், மறைந்த கை எங்கே இருந்தது என்பதை மாதிரி தொலைத்துவிடுகிறது. புத்தகத்தை மேசைமேல் தட்டையாக வைத்து, இரு கைகளும் எப்போதும் தெரியும்படி காட்சியை எழுதிய பிறகே அது நின்றது.

புத்தக அட்டையில் உள்ள எழுத்தின் நடுக்கத்துக்கு எந்தச் சொல்லும் உதவவில்லை. மாதிரி காட்சியைச் சுருக்கிய வடிவில்தான் கையாள்கிறது. சிறிய எழுத்தின் கோடுகள் அந்தச் சுருக்கத்தில் நிலைப்பதில்லை. அட்டையை வெறுமையாகக் கேட்டு வாங்கி, தலைப்பைப் படத்தொகுப்பில் ஒட்டுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு, இந்தப் பெட்டி இல்லாமல் நான் எந்தக் காணொளியையும் முடிப்பதில்லை. ஆனாலும் நண்பருக்குப் பட்டியலை அனுப்பவில்லை. முதலில் பெட்டியைக் காலியாக விட்டு, காட்சியைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன்.